சீட்டு கிழிஞ்சதாம்!

மகள் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தையைப் பார்க்க வந்த ஒரு மாமி, மூன்றரை வயதுப் பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி, "தம்பி வந்தாச்சு, இனிமே உன்னை யாருடி கொஞ்சுவா? உன் சீட்டு கிழிஞ்சது!" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. ஒரு வருஷமாக நின்றிருந்த பழக்கம், அன்று ராத்திரி படுக்கையை நனைத்துவிட்டாள்.

இதென்ன விளையாட்டு? அவள் எதை நினைத்துப் பயப்படுகிறாளோ, அதையே பெரியவர்கள் வாயால் உறுதி செய்கிறோம். பிறகு "பொறாமைக்காரி" என்று பட்டமும் கட்டுகிறோம்.

எனக்கு இந்தக் கோபம் சும்மா வரவில்லை. 1985இல் நானும் இதைத்தான் செய்தேன். கைக்குழந்தையோடு சமாளிக்க முடியாது என்று மூத்தவனை மூன்று மாதம் பாட்டி ஊருக்கு அனுப்பினோம். திரும்பி வந்தவன் பாட்டியின் புடவைக்குப் பின்னால் நின்று அம்மாவை எட்டிப் பார்த்தான். பால்புட்டி கேட்டான். "நீ அண்ணன், வெட்கமாயில்லை?" என்றேன். ஒருநாள் பாப்பாவின் தொடையைக் கிள்ளிவிட்டான். அறைந்தேன். அழவில்லை. "பாப்பாவை எப்போ ஆஸ்பத்திரியில திருப்பிக் கொடுப்பீங்க?" என்றுதான் கேட்டான். அவனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியாயிற்று, எதுவும் நினைவில்லை என்கிறான். எனக்கு இருக்கிறது.

"நாங்க எட்டுப் பேர், எங்களை யார் பார்த்தா?" என்பார்கள். பார்த்தார்கள் ஐயா! அம்மா மடி போனால் பாட்டி மடி, அத்தை மடி இருந்தது. இன்று அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே மடி.

மகள் ராத்திரியில், "இவளுக்குத் துரோகம் பண்ணிட்டேனோப்பா" என்று அழுதாள். ஆனாலும் என்னைவிடக் கெட்டிக்காரி. பேத்தி புட்டி கேட்டதும் மறுக்காமல் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாலே நாளில் அவளுக்கே அலுத்துவிட்டது. சின்னவன் தூங்கும்போது இருபது நிமிஷம் அவளோடு மட்டும். என்ன விளையாட்டு என்பதை அவள்தான் சொல்வாள். "தம்பி தூங்கறான், கத்தாதே" என்று எல்லாப் பழியையும் தம்பி தலையில் போடுவதில்லை. "அம்மாவுக்குத் தலை வலிக்குது" என்கிறாள். இருவரையும் தனியாக விடுவதும் இல்லை. ஆசையாகக் கட்டிக்கொள்வது சட்டென்று இறுகிவிடும். நனைந்த படுக்கைக்குத் திட்டு கிடையாது, துணி மாற்றுவதோடு சரி. மாதக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ குழந்தை டாக்டரிடம் போகலாம் என்றிருக்கிறோம்.

என் வேலை வாசலில். வருகிறவர்களிடம், "முதலில் பெரியவளோடு பேசுங்கள், அப்புறம்தான் தொட்டில்" என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நேற்று வந்த நண்பர் அவளிடமே, "தம்பியைக் காட்டுறியா?" என்று கேட்டார். விரலைப் பிடித்து அழைத்துப் போனாள். தொட்டிலருகே நின்று, "வேணும்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றாள்.