குடும்பக் கணக்கு: வட்டி ஏறியது, விலை ஏன் இறங்கியது?

எமக்கு வரும் கடிதங்களுட் சில ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு விடையோடு அமைதி பெறும். சில, கேட்டவரின் மனத்தில் நெடுநாட்கள் கிடந்து உறுத்திய பின்னரே தபாற் பெட்டியை அடையும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியுள்ள கடிதம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவர் கூறுவதன் சுருக்கம் இது:

2022ஆம் ஆண்டு தை மாதத்தில், கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு, ஒரு இலட்சம் ரூபா முகப்பெறுமதியுள்ள 364 நாள் திறைசேரி உண்டியல் ஒன்றை அவர் வாங்கினார். அப்பொழுது விளைவு வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு 8. ஆறு மாதங் கழிந்ததும் மகளின் படிப்புச் செலவிற்குப் பணம் வேண்டியிருந்தது. அந்நாளிலோ வட்டி வீதங்கள் வானளாவ ஏறியிருந்தன. “வட்டி ஏறியிருக்கிறதே, என் உண்டியலுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்று மகிழ்வோடு விற்கச் சென்றேன். வாங்கிய விலையிலும் குறைவாகவே தந்தார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களோ என்ற ஐயம் இன்றும் தீரவில்லை” என்று எழுதுகின்றார்.

இவ்வையத்தை வாய்ச் சொல்லாற் போக்க இயலாது. கணக்கினாலேயே போக்க இயலும். ஒரு கொப்பியும் பென்சிலும் கையிலிருந்தாற் போதும்.

முதலில் உண்டியலின் இயல்பை அறிதல் வேண்டும். வங்கி வைப்பிற்கு வட்டி கூட்டப்படுகின்றது. திறைசேரி உண்டியலுக்கோ வட்டி என்று தனியே எதுவும் இடையில் வழங்கப்படுவதில்லை. முதிர்ச்சி நாளில் அரசாங்கம் முகப்பெறுமதியை, அதாவது ஒரு இலட்சம் ரூபாவை, ஒரே முறையில் தரும். அவ்வளவே அதன் வாக்குறுதி. ஆதலால், இன்று நாம் ஒரு இலட்சத்திற்குக் குறைந்த விலை கொடுத்து வாங்கினாலன்றி நமக்கு ஆதாயம் இல்லை. வாங்கும் விலைக்கும் முகப்பெறுமதிக்கும் உள்ள இடைவெளியே நமது வட்டியாகின்றது. கூப்பன் இல்லாத முறி என்று வழங்கப்படுவனவும் இவ்வகையினவே. தவணை நீளும் என்பதொன்றே வேறுபாடு.

எனின், எவ்வளவு குறைத்து வாங்குவது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். நூற்றுக்கு 8 என்றால் ஒரு இலட்சத்திலிருந்து 8,000 ரூபாவைக் கழித்து 92,000 என்று எழுதிவிடுகின்றனர். அது பிழை. வட்டி என்பது நாம் போட்ட முதலுக்குக் கிடைப்பது. முடிவில் வந்து சேரும் தொகைக்குக் கிடைப்பதன்று. 92,000 ரூபா போட்டு 8,000 ரூபா பெற்றால், அது நூற்றுக்கு 8 அன்று, ஏறத்தாழ 8.7 ஆகும்.

சரியான வழி எதுவெனில், கேள்வியைத் திருப்பிக் கேட்பது. இன்று எவ்வளவு ரூபா போட்டால் நூற்றுக்கு 8 வட்டியுடன் ஓராண்டில் ஒரு இலட்சமாகும்? போட்ட ஒவ்வொரு ரூபாவும் 1.08 ரூபாவாக வளர்கின்றது. எனவே, ஒரு இலட்சத்தை 1.08 ஆற் பிரித்தல் வேண்டும். விடை 92,593 ரூபா. கணக்குச் சரியோ என்று பார்ப்பதும் எளிது. 92,593 இற்கு நூற்றுக்கு 8 வட்டி 7,407. இரண்டையுங் கூட்டினால் ஒரு இலட்சம் வந்துவிடும். 364 நாளை ஓராண்டென்றே இங்கு கொண்டுள்ளோம். ஆசிரியை தை மாதத்திற் கொடுத்த விலையும் இதுவென்றே வைத்துக்கொள்வோம்.

இனி, ஆறு மாதங் கழிந்த நிலையைப் பார்ப்போம். உண்டியலில் எஞ்சியிருப்பவை 182 நாட்கள். அதாவது அரையாண்டு. வீதம் மாறாது நூற்றுக்கு 8 ஆகவே இருந்திருக்குமாயின், அரையாண்டிற்கு நூற்றுக்கு 4. ஒரு இலட்சத்தை 1.04 ஆற் பிரித்தால் 96,154 ரூபா. ஆசிரியை தம் மனத்திற் கண்ட விலை இதற்கும் மேலானதாக இருந்திருக்கும்.

ஆனால் அவ்வாண்டு சாதாரண ஆண்டன்று. 2022 சித்திரை 8ஆம் நாள் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் நூற்றுக்கு 7 என்ற அளவால் உயர்த்தியது. 6.5 ஆக இருந்தது 13.5 ஆயிற்று; 7.5 ஆக இருந்தது 14.5 ஆயிற்று. திறைசேரி உண்டியல்களின் விளைவு வீதம் 20ஐக் கடந்தது. ஆண்டின் இறுதியில் 91 நாள் உண்டியலின் வீதம் 30ஐயுந் தாண்டிற்று. நம் கணக்கிற்காக, ஆசிரியை விற்கச் சென்ற நாளில் அரையாண்டு உண்டியலின் வீதம் ஆண்டிற்கு நூற்றுக்கு 24 என்று கொள்வோம்.

அவருக்கு முன்னே நிற்கும் வணிகரின் இடத்தில் நாம் சற்று நின்று பார்ப்போம். அவர் ஏலத்திற்குச் சென்று புதிய அரையாண்டு உண்டியலை வாங்கினால் ஆண்டிற்கு 24, அதாவது அரையாண்டிற்கு நூற்றுக்கு 12 அவருக்குக் கிடைக்கும். ஆசிரியையின் உண்டியலும் அதே அரசாங்கத்தினது. அதே நாளில் அதே ஒரு இலட்சத்தைத் தருவது. ஆசிரியை தாம் வாங்கிய 92,593 ரூபாவையேனுந் தருமாறு கேட்கின்றார் என்போம். வணிகர் அதைக் கொடுத்தால் அரையாண்டில் அவருக்கு எஞ்சுவது 7,407 ரூபா. அது நூற்றுக்கு 8; ஆண்டிற்கு 16. அடுத்த வாசலில் 24 கிடைக்கும்போது இங்கே 16 இற்கு வாங்க அவருக்கு என்ன கட்டாயம்? ஆகவே அவர் ஒரு இலட்சத்தை 1.12 ஆற் பிரிக்கின்றார். விடை 89,286 ரூபா. வாங்கிய விலையிலும் 3,307 ரூபா குறைவு.

இதுதான் மருமம். முடிவில் வரும் ஒரு இலட்சம் அசையாதது. அதனை யாராலும் கூட்ட முடியாது. வாங்குபவருக்குக் கூடுதலான வட்டி கிடைக்க வேண்டுமாயின், அது கொடுக்கும் விலையைக் குறைப்பதனாலன்றி வேறெவ்வகையாலும் இயலாது. கிணற்றுத் துலாவின் ஒரு முனை மேலே சென்றால் மறுமுனை கீழே தாழ்வதுபோல, விளைவு வீதம் ஏறினால் விலை இறங்கும். வீதம் இறங்கினால் விலை ஏறும். ஆசிரியை ஏறக் கண்டது புதிய உண்டியல்களை வாங்குவோரின் வட்டியை. அவரது வட்டியோ தை மாதத்திலேயே நிலைபெற்றுவிட்டது.

ஏமாற்றப்பட்டாரோ என்பதை அறியவும் இதே கணக்குத் துணை செய்யும். விற்கச் செல்லுமுன் அவ்வார ஏலத்தின் வீதத்தைப் பார்த்து, எஞ்சிய நாட்களுக்கு விலையைத் தாமே கணித்துக்கொள்ளல் வேண்டும். வணிகர் தமக்கெனச் சிறிது ஒதுக்குவார். ஆதலாற் சற்றுக் குறைவது இயல்பே. ஆனால், 24 வீதம் என்று வாயாற் சொல்லி, ஒரு இலட்சத்திலிருந்து நேரே 12,000ஐக் கழித்து 88,000 ரூபாவை ஒருவர் நீட்டினால், அங்கே நின்று கேள்வி கேட்க வேண்டும். அவ்விலையில் அவர் பெறும் வட்டி ஆண்டிற்கு 27 இற்கும் மேல். வீதம் உயர உயர இந்தப் பிழையின் அளவும் பெருகும்.

“விற்காமல் வைத்திருந்தால் நட்டமே இல்லையன்றோ?” என்று சிலர் கேட்பர். முதிர்ச்சி வரை வைத்திருந்தால் ஒரு இலட்சம் வரும் என்பது மெய். ஆயினும், விற்றுப் பெற்ற 89,286 ரூபாவை அன்றே 24 வீதத்திற் புதிய உண்டியலில் இட்டிருந்தாலும் அதே நாளில் அதே ஒரு இலட்சந்தான் வந்திருக்கும். ஆகவே விற்பனையால் நட்டம் பிறக்கவில்லை. வீதம் ஏறிய நாளிலேயே அது பிறந்துவிட்டது. விற்றவர் அதனைக் கண்ணாற் கண்டார். வைத்திருந்தவர் ஊரெல்லாம் 24 பெறும்போது குறைந்த வட்டியோடு இருந்து அதனை அனுபவித்தார்.

அவ்வாறாயின், ஆசிரியை செய்திருக்க வேண்டியது யாது? விற்பதோ, கடன் வாங்குவதோ என்பதே அன்று அவர் முன்னிருந்த உண்மையான கேள்வி. அதற்கும் விடை இக்கணக்கிலேயே உண்டு. 89,286 ரூபாவைக் கடனாகப் பெற்று, உண்டியல் முதிர்ந்ததும் அந்த ஒரு இலட்சத்தாற் கடனைத் தீர்க்கலாம். கடன் வட்டி ஆண்டிற்கு 20 ஆயின், அரையாண்டு வட்டி 8,929. கடன் தீர்ந்தபின் 1,785 ரூபா மிஞ்சும். கடன் வட்டி 30 ஆயின் 13,393. ஒரு இலட்சம் போதாது, 2,679 ரூபா கையிலிருந்து போகும். எனவே, வாங்கிய விலையை மறந்துவிட்டு, கடன் வட்டியை அன்றைய விளைவு வீதத்தோடு ஒப்பிடல் வேண்டும். கடன் அதனிலும் மலிவாயின் கடன், அன்றேல் விற்பனை. நகையை ஈடு வைப்பதற்கும் இதே அளவுகோல்தான்.

இறுதியாக, தவணையைப் பற்றி ஒரு சொல். துலாவின் நீளங் கூடினால் அதன் முனை அசையும் தூரமும் கூடும். ஓராண்டில் ஒரு இலட்சந் தரும் உண்டியலின் விலை, 10 வீதத்தில் 90,909 ரூபா. வீதம் 12 ஆனால் 89,286. இழப்பு 1,623 ரூபா. ஐந்தாண்டின் பின் ஒரு இலட்சந் தரும் கூப்பன் இல்லாத முறியை எடுப்போம். இங்கே ஒரு இலட்சத்தை 1.10 ஆல் ஐந்து முறை பிரித்தல் வேண்டும். விலை 62,092. வீதம் 12 ஆனால் 1.12 ஆல் ஐந்து முறை பிரிக்க 56,743. இழப்பு 5,349 ரூபா. வீதத்தின் மாற்றம் ஒன்றே. ஒவ்வோர் ஆண்டும் அது மீண்டும் ஒரு முறை விலையைத் தாக்குவதால் இழப்புப் பெருகுகின்றது. வீதம் 10இலிருந்து 8 ஆக இறங்கினாலோ, அதே முறி 68,058 ஆகி 5,966 ரூபா ஆதாயந் தரும். வீதத்தில் ஒன்று ஏறினால் அல்லது இறங்கினால், எஞ்சிய ஆண்டுகள் எத்தனையோ ஏறக்குறைய விலையில் நூற்றுக்கு அத்தனை என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, அடுத்த தைக்குப் பணந் தேவை என்று தெரிந்தால், அடுத்த தைக்கு முதிரும் உண்டியலையே வாங்குக. எப்பொழுது தேவைப்படும் என்பது தெரியாத பணமாயின் 91 நாளோடு நிறுத்திக்கொள்க. துலா அங்கே மிகக் குறுகியது. தேவைப்படும் நாளும் முதிரும் நாளும் ஒன்றாகிவிட்டால், இடையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு அதனால் இடரில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு எமது விடை இதுவே. விளைவு வீதம் 24 ஆக இருந்து, உங்களுக்கு 89,286 ரூபாவிற்குக் கிட்டிய தொகை கிடைத்திருப்பின், உங்களை எவரும் ஏமாற்றவில்லை. விற்ற நாளின் பற்றுச்சீட்டு இருந்தால் எடுத்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.