நாலு முள் பிளக்கும் நாலு வெள்ளி அடாப்டரும்



சென்ற மாதம் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் என்னைத் தேடி மலாக்காவுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒன்றும், பாதி கருகிய ஒரு சிறு வயரும் இருந்தன. மேசையில் வைத்ததுமே கருகிய வாடை அடித்தது.

“அண்ணே, எங்க வீட்டுக்காரர் போய் மூணு வருஷமாச்சு. அவர் பால் மரம் வெட்டின காலத்துப் படம், மகள் கல்யாணப் படம், எல்லாம் இந்தத் தட்டுலதான் இருக்கு. வேற எங்கேயும் இல்லே. இது பிழைக்குமா?” என்று கேட்டார்.

“தங்கச்சி, தட்டைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வயரைக் கொடு” என்றேன். குற்றவாளி அதுதான் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மகன் பட்டணத்தில் ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் பவர் சப்ளையிலிருந்து வந்த புதுமாதிரி வயர்கள் இரண்டே இரண்டு. அவை இரண்டும் ஏற்கெனவே பயனில் இருந்தன. மீதம் இருந்ததெல்லாம் பழைய நாலு முள் பிளக்குகள். அப்பாவின் படங்கள் உள்ள தட்டையும் இணைக்க வேண்டும் என்று, பாசார் மாலாமில் நாலு வெள்ளிக்கு ஓர் அடாப்டர் வாங்கி மாட்டினான். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் இரவு பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. தாயார் ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அடைத்தார். அதனால் வீடு தப்பியது.

இந்தப் பழைய பிளக்கை எல்லோரும் ‘மோலெக்ஸ்’ என்கிறார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். 1963-இல் அமெரிக்காவின் ஆம்ப் கம்பெனி கொண்டுவந்த பிளக் வகையைச் சேர்ந்தது இது. பின்னர் மோலெக்ஸ் கம்பெனியும் இதைச் செய்ய, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1981-இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் பிளாப்பி டிரைவுக்கு மின்சாரம் கொடுத்ததும் இதே பிளக்தான். வெள்ளை நிறக் கூடு. அதில் மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு என்று நாலு வயர். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு இரண்டும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி. முள் ஒவ்வொன்றும் தடிமனானது. நல்ல நிலையில் இருந்தால் ஒரு முள் பத்து ஆம்பியர் அளவு தாங்கும். முரட்டுப் பிளக், ஆனால் உழைப்பாளி.

2003-இல் ‘சாட்டா’ என்னும் புதிய முறை வந்தது. இதன் மின்சாரப் பிளக் மெல்லிய தட்டை வடிவம். உள்ளே பதினைந்து சிறு தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தகட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் தூரம். ஒரு தகடு தாங்குவது ஒன்றரை ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு மூன்று தகடுகள் உண்டு; ஆக மொத்தம் நாலரை ஆம்பியர். ஒரு ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் இழுக்கும். பிறகு அரை ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே ஒரு தட்டுக்கு ஓர் அடாப்டர் என்பது கணக்குப்படி தவறே இல்லை. அந்தப் பையன் அளவுக்கு மீறி எதையும் இழுக்கவில்லை. அப்படியானால் ஏன் எரிந்தது?

காரணம், அந்த அடாப்டரின் சாட்டா முனை செய்யப்பட்ட விதம். இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, வார்த்து எடுத்தது. தகடுகளையும் வயர் நுனிகளையும் ஓர் அச்சுக்குள் வைத்து, உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி, ஒரே கட்டியாக எடுத்துவிடுகிறார்கள். மலிவாகவும் வேகமாகவும் செய்யலாம். ஆனால் சூடான பிளாஸ்டிக் பாயும்போது மெல்லிய வயர் நகரலாம், உறை இளகலாம், செப்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து வயரை நெருங்கி நிற்கலாம். வெளியே பார்த்தால் வழவழவென்று அழகாக இருக்கும். உள்ளே மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் மிச்சம் என்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது.

மற்றொன்று, வயரைத் தனித்தனிப் பள்ளத்தில் அழுத்திப் பதித்தது. ஒவ்வொரு வயரும் தன் பள்ளத்தில் உட்கார, உலோகப் பல் அதன் உறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்கிறது. மேலே ஒரு மூடி ‘டக்’கென்று பூட்டுகிறது. வயருக்கும் வயருக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் சுவர் நிற்கிறது.

பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் வேலை பார்த்த நம் பெண்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. இந்தத் தாயாரும் கல்யாணத்துக்கு முன் அங்கே வேலை பார்த்தவர்தான். “பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்க முடியாத சாமானை நாங்க ‘பாஸ்’ பண்ணவே மாட்டோம், அண்ணே” என்றார். இந்தக் கட்டுரையின் சாரமே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

வார்த்த பிளக் முதல் நாளே எரிவதில்லை. தினமும் சூடேறிக் குளிர்வதில் உள்ளிருக்கும் இழை மெல்ல நகர்கிறது. ஒருநாள் 12 வோல்ட் கறுப்பு வயர்ப் பக்கம் கசியத் தொடங்குகிறது. கசிந்த இடத்தில் பிளாஸ்டிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே இன்னும் கசிகிறது, இன்னும் கரிகிறது.

“பவர் சப்ளை தானாக அணைந்திருக்க வேண்டாமா?” என்று பையன் கேட்டதாகத் தாயார் சொன்னார். நல்ல கேள்வி. வயரோடு வயர் நேராக ஒட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். கரி வழியாகப் போவது அப்படியல்ல. பத்து ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பவர் சப்ளையின் 12 வோல்ட் பகுதி முப்பது ஆம்பியர் கொடுக்கக் கூடியது என்றால், அதற்குப் பத்து ஆம்பியர் சாதாரண வேலை. யாரோ நியாயமாகக் கேட்கிறார்கள் என்றே நினைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் 12 வோல்ட்டைப் பத்து ஆம்பியரால் பெருக்கினால் 120 வாட். ஈயம் பற்றவைக்கும் அறுபது வாட் இரும்புகள் இரண்டை, விரல் நுனி அளவுள்ள பிளக்குக்குள் வைத்ததற்குச் சமம். வீட்டு மெயின் சுவிட்சும் விழாது. 240 வோல்ட் கணக்கில் 120 வாட் என்பது அரை ஆம்பியர்தான். ஒரு காற்றாடி இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆகவே, சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது.

கிளை பிரியும் வயர்களில் ஆபத்து இன்னும் பெருகுகிறது. ஒரு மோலெக்ஸில் நாலு சாட்டா பிரியும் வயரில் நாலு தட்டை மாட்டினால், பொத்தானை அழுத்தியதும் நாலும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும். ஒரே மஞ்சள் வயரில் எட்டு ஆம்பியர். புதுப் பிளக் தாங்கும். பத்து முறை பிடுங்கிச் செருகித் தளர்ந்துபோன முள் தாங்காது. பிடிப்பு இல்லாத இடத்தில்தான் சூடு பிறக்கும். மலிவு வயரில் செம்பும் மெல்லியது. ஆகவே ஒரு மோலெக்ஸில் இரண்டு தட்டுக்கு மேல் வேண்டாம். படக்கார்டுக்கு மின்சாரம் கொடுக்க இந்த அடாப்டரைத் தொடவே வேண்டாம். சாட்டா பிளக்கின் நாலரை ஆம்பியர் என்பது 54 வாட். கார்டு செருகும் இடமோ 75 வாட் வரை கேட்கலாம்.

சரி, கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? சாட்டா முனையைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். மூடி தனியாகப் பூட்டியிருக்கும் கோடு தெரிந்து, வயர்கள் தனித்தனிப் பள்ளத்தில் போனால், அது பதித்த வகை. மூட்டே இல்லாத ஒரே கட்டிக்குள் வயர்கள் மறைந்தால், அது வார்த்தது, வைத்துவிட்டு வாருங்கள். விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலை கூடிய வார்த்த வயரும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருந்தால், மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றித் தகடுகளைப் பாருங்கள். பழுப்பு நிறமோ, உப்பலோ, வாடையோ இருந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பவர் சப்ளையிலேயே சாட்டா வயர் மிச்சம் இருந்தால் அடாப்டரே தேவையில்லை. கழற்றி மாட்டும் வயர் உள்ள பவர் சப்ளையானால், வேறொன்றின் வயரைக் கடன் வாங்கி மாட்டாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வரிசை மாறியிருந்தால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்து, தட்டு ஒரு நொடியில் போய்விடும்.

இனி அந்தத் தாயாரின் தட்டுக்கு வருவோம். அதன் மின்சார வாயில் பிளாஸ்டிக் உருகி, 12 வோல்ட் தகடுகள் கரியில் புதைந்திருந்தன. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. 12 வோல்ட் கறுப்போடு சேர்ந்து எரிந்தால் தட்டுக்குப் போகும் மின்சாரம் குறையுமே தவிர, கூடாது. வாய் வெந்தாலும் வயிறு கெட்டிருக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். தட்டின் பலகையில் எங்கும் ஒட்டுதல் காட்டவில்லை. மலாக்காவில் நுண்ணிய பற்றவைப்பு வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். கருகிய வாயை அகற்றி, நாலு வயரை நேராகப் பலகையில் பற்றவைத்தான். மின்சாரம் கொடுத்தோம். தட்டு சுழலும் சத்தம் கேட்டதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு எதையும் செய்யாமல், முதலில் படங்கள் அத்தனையையும் வேறு இரண்டு தட்டுகளுக்கு மாற்றினோம். ஒன்று அவரிடம், இன்னொன்று அலோர் காஜாவில் இருக்கும் மகள் வீட்டில். வெந்த தட்டை இனிமேல் நம்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. தாயார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் புகை வந்திருந்தால், பலகை வீட்டின் கதி என்ன? உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய பெட்டியில் புதுத் தட்டை மாட்டியிருந்தால், இன்று மாலையே பெட்டியைத் திறந்து அந்தப் பிளக்கின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பெட்டியை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.