“பின்னால லிஸ்ட் போட்டிருக்கேனே மேடம்!” - 34 சதவீதத்தில் நின்றுபோன ஆய்வேடு

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் இருந்து தினமும் பஸ் பிடித்து கல்லூரிக்குப் போன எம்.காம் மாணவி அவர். அம்மா பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை பார்க்கிறார். ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று யோசித்தபோது, வீட்டிலேயே பதில் இருந்தது. பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் வருமானமும் சேமிப்பும். அம்மாவோடு வேலை பார்க்கும் பெண்கள், பக்கத்துத் தெரு அக்காக்கள் என்று 60 பேரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பினார். யாரிடமும் வாங்கிய தகவல் இல்லை. எல்லாம் அவரே அலைந்து சேர்த்தது.

பைண்டிங் போடுவதற்கு முந்தைய வாரம் சாஃப்ட்வேர் அறிக்கை வந்தது. 34 சதவீதம் ஒற்றுமை.

“மேடம், நான் யாரோடதையும் காப்பி அடிக்கலை. எங்க இருந்து எடுத்தேன்னு பின்னால லிஸ்ட்டே போட்டிருக்கேனே!” என்று அழாத குறையாக நின்றவரை உட்காரச் சொன்ன வழிகாட்டிப் பேராசிரியை, அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். அன்று மாலை முழுக்க அந்த 34-ஐப் பிரித்துப் பார்ப்பதிலேயே போனது. இதே தவறைத் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய வீடுகளில் இருப்பார்கள் என்பதால், அந்த மாலையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். அந்த சாஃப்ட்வேர் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. உங்கள் எழுத்தும் ஏற்கெனவே இருக்கும் எழுத்தும் எங்கெல்லாம் ஒன்றாக இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும், அவ்வளவுதான். அது திருட்டா இல்லையா என்று பார்க்க வேண்டியது மனிதர்கள். இந்த மாணவியின் 34-ல், 8 சதவீதம் எதற்கும் உதவாத கோடுகள். கல்லூரி கொடுத்த உறுதிமொழிப் படிவம், நூற்பட்டியல், சட்டங்களின் பெயர்கள். நூற்பட்டியலையும் சட்டங்களின் பெயர்களையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018-ம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோளும் கணக்கில் வராது. பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போதோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் அதையும் விட்டுவிடலாம். பேராசிரியை இவற்றை நீக்கிவிட்டு அறிக்கையை மறுபடி எடுத்தார். 26 வந்தது.

அந்த விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுகலையில் இருந்து பிஎச்.டி வரை இதுதான் கணக்கு. அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் எல்லாம் இந்த விதிமுறைக்குள் வராது. அவற்றுக்குக் கல்லூரி வைத்ததுதான் சட்டம். ‘அப்படின்னா 10 சதவீதம் காப்பி அடிக்கலாம்’ என்று ஹாஸ்டல்களில் ஒரு கணக்கு ஓடுகிறது. அது தப்புக் கணக்கு. 100 பக்க ஆய்வேட்டில் அடுத்தவர் எழுதிய மூன்று பக்கத்தை அப்படியே ஒட்டினால் 3 சதவீதம்தான் காட்டும். ஆனால் அந்த மூன்று பக்கமும் காப்பிதான்.

சரி, அந்த 26 எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இரண்டாம் அத்தியாயம். இதே தலைப்பில் முன்பு யார் யார் என்ன எழுதினார்கள் என்று சொல்லும் பகுதி. மாணவி ஆங்கிலத்தில் எழுதிய அந்த அத்தியாயத்தில் பல பத்திகள் பழைய ஆய்வேடுகளில் இருந்து சொல் மாறாமல் வந்திருந்தன. அந்த ஆய்வேடுகளின் பெயர்கள் கடைசிப் பக்கப் பட்டியலில் இருந்தது உண்மை. ஆனால் எந்த வாக்கியம் யாருடையது என்று பட்டியல் சொல்லாது. மளிகைக் கடையில் மாதக் கடைசியில் மொத்த ரூபாயை மட்டும் சொன்னால், எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தெரியுமா? அந்தந்த வாக்கியத்தின் பக்கத்திலேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் வர வேண்டும். சொல் மாறாமல் எடுத்திருந்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் சேர்த்து வர வேண்டும். கடைசிப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

“சில இடத்துல வார்த்தைய மாத்தித்தான் எழுதினேன் மேடம்” என்றார் மாணவி. அங்கேதான் பெரிய சிக்கல் இருந்தது. விளக்கத்துக்காக ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பழைய ஆய்வேடு ஒன்றில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

‘தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தொழிலாளர்களின் வருமானம் உயர்ந்தாலும், அந்தப் பணம் முன்பு வாங்கிய கடனை அடைக்கவே செலவாவதால் சேமிப்பு உருவாவதில்லை.’

மாணவி பாணியில் மாற்றினால் இப்படி வரும்: ‘தீபாவளிக்கு முன்பான மாதங்களில் பணியாளர்களின் ஊதியம் கூடினாலும், அந்தத் தொகை ஏற்கெனவே பெற்ற கடனைத் தீர்க்கவே பயன்படுவதால் சேமிப்பு ஏற்படுவதில்லை.’

வருமானம் ஊதியம் ஆகிவிட்டது, பணம் தொகை ஆகிவிட்டது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. யார் எழுதியது என்ற குறிப்பும் இல்லை. சாஃப்ட்வேர் இதைப் பாதிதான் பிடிக்கும். ஆனாலும் இது காப்பி. கீழே பெயர் போட்டுவிட்டால் கருத்து யாருடையது என்று தெரிந்துவிடும். வாக்கியம் மட்டும் இன்னமும் இரவல்தான்.

பேராசிரியை ஒரு வேலை செய்யச் சொன்னார். புத்தகத்தை மூடு. உன் அம்மாகிட்ட சொல்ற மாதிரி இந்த விஷயத்தைச் சொல்லு. அதை எழுது. எழுதி முடித்துவிட்டுத் திறந்து ஒப்பிடு. அப்படி எழுதினால் அது இந்த மாதிரி வரும்: ‘சீஸன் பணம் கையில் தங்குவதில்லை, பழைய கடனுக்கே போய்விடுகிறது என்பது இவருடைய முடிவு (ஆசிரியர் பெயர், 2016). சூலக்கரையில் பேசிய பெண்களில் சிலர் இதை மறுத்தார்கள். சீஸனில் சீட்டுப் பணம் கட்டுவதையும் அவர்கள் சேமிப்பாகவே பார்க்கிறார்கள்.’ முதல் வாக்கியத்தில் அடுத்தவருக்குரிய பெயர் போய்விட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மாணவியின் சொந்தச் சரக்கு வந்துவிட்டது. சீட்டு விஷயம் அவர் 60 வீடு ஏறி இறங்கியதால் கிடைத்தது. பழைய வடிவத்தில் அது நான்காம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணைக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

‘முன்னுரையில நாலு வரிதானே, ஆராய்ச்சி நம்மளோடது’ என்பது படித்தவர்களே சொல்லும் சமாதானம். 2011-ல் விஞ்ஞானி சி.என்.ஆர்.ராவ் இணை ஆசிரியராக இருந்த ஒரு கிராஃபீன் ஆய்வுக் கட்டுரை ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ என்ற சர்வதேச இதழில் வந்தது. அதன் முன்னுரையிலும் வேறோர் இடத்திலும் சில வாக்கியங்கள், 2010-ல் வேறொரு குழு ‘அப்ளைடு பிஸிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் எழுதியதில் இருந்து அப்படியே வந்திருந்தன. சோதனையும் முடிவுகளும் அவர்களுடையவை. இருந்தும் அதே ஆண்டு இதழில் வருத்தம் தெரிவித்துக் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது. மூத்த விஞ்ஞானியின் பெயர் இருந்ததால் நாடு முழுக்கச் செய்தியும் ஆனது. நாலு வரிக்கு நடந்தது இவ்வளவு.

திரும்ப சூலக்கரை மாணவிக்கு வருவோம். சாஃப்ட்வேர் கோடே போடாத இரண்டு இடங்களைப் பேராசிரியை பென்சிலால் வட்டம் போட்டார். ஒன்று, தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் இரண்டு பத்திகளை மாணவி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்திருந்தது. மொழி மாறிவிட்டதால் ஒற்றுமை பூஜ்ஜியம். ஆனால் கருத்தும் வரிசையும் அந்தக் கட்டுரையாளருடையவை. மொழிபெயர்த்தாலும் பெயர் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று சுவாரசியமானது. பழைய புத்தகம் ஒன்றை ஆதாரமாகக் காட்டியிருந்தார். “இந்தப் புக்கை எங்கம்மா பாத்த?” என்று கேட்டார் பேராசிரியை. பார்க்கவே இல்லை. வேறோர் ஆய்வேட்டில் அந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டிருந்ததை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார். அந்த ஆய்வேட்டில் வெளியான ஆண்டு தப்பாக அச்சாகியிருந்தது. தப்பும் கூடவே வந்துவிட்டது. அனுபவசாலிகள் இப்படித்தான் பிடிக்கிறார்கள். தப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் சாட்சி வேறில்லை. நேரில் பார்க்காத புத்தகம் என்றால், ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று நாம் உண்மையில் படித்தவரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பெயர் போட வேண்டுமா? மாணவி பயந்துபோய் அப்படித்தான் ஆரம்பித்தார். சிவகாசியில் மழை குறைவு, வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதானது என்ற வரிக்கெல்லாம் மூன்று பெயர் போட்டார். தேவையில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொந்த வார்த்தையில் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம். ‘அவர்கள் போனதால்தான் இந்த ஊரின் தொழில் அமைப்பு இப்படி ஆனது’ என்று ஒருவர் காரணம் காட்டி விளக்கியிருந்தால் அந்த விளக்கம் அவருடையது. பெயர் வேண்டும். எத்தனை ஆலை, எத்தனை தொழிலாளர் என்று எண்ணிக்கை வந்தாலும் வேண்டும். பச்சைப் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 அக்டோபர் 23-ம் தேதி வந்தது என்றால், தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டலாம். அதைப் பற்றி யாரோ எழுதியதைக் காட்டுவதைவிட அது நல்லது.

திருத்த மூன்று வாரம் ஆனது. அதில் பாதி நாள், எந்த வரியை எங்கிருந்து எடுத்தோம் என்று தேடுவதிலேயே போய்விட்டது. படிக்கும்போது நோட்டில் பக்க எண் எழுதி வைக்காததற்குக் கட்டிய அபராதம் அது. இப்போது அவரிடம் இருக்கும் நோட்டில், அப்படியே எடுத்த வாக்கியம் சிவப்பு மையிலும், படித்துவிட்டுத் தானாக எழுதியது நீல மையிலும் இருக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் பக்க எண் இல்லாமல் ஒரு வரியும் கிடையாது.

இரண்டாம் முறை 6 சதவீதம் வந்தது. அந்த ஆறிலும் கோடு விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் பேராசிரியை கையெழுத்துப் போட்டார். இரண்டாம் அத்தியாயம் 18 பக்கத்தில் இருந்து 11-க்கு இறங்கியிருந்தது. சீட்டு பற்றிய பகுதி மட்டும் இரண்டு பக்கம் கூடியிருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியூரில் இருந்து வந்த தேர்வாளர் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

பைண்டிங் கடை அண்ணன்தான் ஆய்வேட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போனார். “ஏம்மா, உன் கிளாஸ்ல எல்லாரோடதும் குண்டா இருக்கு. உனக்கு ஏதும் பக்கம் விட்டுப்போச்சா?”