பலகையில் இல்லாத பெயர் மேப்பில் எதற்கு?

நீங்க இன்ஜினியரிங் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சா போதும். ஊர்ல கடை வச்சிருக்கிற யாராவது ஒரு அண்ணன் கண்டிப்பா கேட்பார்: "தம்பி, நம்ம கடையைக் கூகுள் மேப்ல கொஞ்சம் போட்டுக் கொடேன்." நீங்க சிவிலா மெக்கானிக்கலா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. நாமும் ஃபோனை வாங்கி விவரங்களை நிரப்பத் தொடங்குவோம். முதல் கட்டமே கடையின் பெயர். நல்லது செய்றதா நினைச்சு நாம் அவர் பிழைப்பில் கை வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்குவோம். கோவை காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள்ளே 'வேல் மொபைல்ஸ்'. டிஸ்ப்ளே மாத்துறது, பேட்டரி மாத்துறது, சார்ஜிங் போர்ட் சரி பண்றது, இதுதான் வேலை. புது ஃபோன் விற்பதில்லை. நாம் மேப்பில் என்ன அடிப்போம்?

`Vel Mobiles - Best Mobile Service Display Change Near Me Gandhipuram`

இப்படி அடிச்சா பலன் இருக்கா? இருக்கு, அதை மறைக்க வேண்டாம். பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்தும்போது கூகுள் மூன்று விஷயம் பார்ப்பதாகச் சொல்கிறது. தேடிய சொல்லுக்குக் கடை எவ்வளவு பொருந்துது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பிரபலம். தேடிய சொல் பெயரிலேயே இருந்தால் முதல் விஷயத்தில் கை ஓங்கும். அதனால்தான் ஊர் முழுக்க இப்படி ரயில் பெட்டி மாதிரி நீளமான பெயர்கள்.

ஆனால் கூகுளின் விதி தெளிவா இருக்கு. கடைப் பலகையில் என்ன பெயரோ, வாடிக்கையாளர்கள் எந்தப் பெயரில் கடையை அறிவார்களோ, அதுதான் மேப்பிலும் இருக்கணும். 'பெஸ்ட்', செய்யும் வேலைகளின் பட்டியல், ஏரியா பெயர் இதையெல்லாம் மேப்பில் மட்டும் ஒட்டக்கூடாது. மீறினால் என்ன ஆகும்? பக்கத்துக் கடைக்காரர் `Suggest an edit` அழுத்தி, பலகையின் ஃபோட்டோவையும் போட்டுப் பெயரைத் திருத்தச் சொல்லலாம். அது ஏற்கப்பட்டால் ஒட்டின வால் அறுந்துவிடும். அதைவிட மோசம், கடையின் பக்கமே முடக்கப்படுவது. அப்போது கடை மேப்பில் தெரியாது, வருஷக்கணக்கில் சேர்ந்த ரிவியூக்களும் தெரியாது. மீட்கணும்னா முறையீடு பண்ணி, கடைப் பெயர் உள்ள பதிவுச் சான்று, கரண்ட் பில் மாதிரி ஆதாரம் காட்டணும். எந்த ஆதாரத்திலும் 'நியர் மீ' என்று இருக்காது. அந்த நேரம் நாம் வேலை கிடைச்சு வேறு ஊரில் இருப்போம். வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பது அந்த அண்ணன்தான்.

அப்போ என்னதான் வழி? என் கருத்து ரொம்ப எளிமையானது. மேப்பில் பொய் சொல்லாதீங்க, பலகையை மாத்துங்க. தேடுபவர் அடிக்கும் சொல் நிஜமாவே கடையின் பெயரில் இருந்தால், அதை மேப்பில் போடுவது விதிமீறல் ஆகாது. நியூயார்க்கில் ஒரு தாய்லாந்து உணவகம் இதை எல்லை வரைக்கும் கொண்டு போனது. கடையின் நிஜப் பெயரே `Thai Food Near Me`.

அந்த எல்லைக்கு நாம் போக வேண்டாம். தேடுபவரின் இருப்பிடம் ஃபோனுக்குத் தெரியும், 'நியர் மீ' என்றால் பக்கத்தில் என்று கூகுளுக்கும் புரியும். அதைப் பெயரில் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. நமக்குத் தேவை இரண்டே துண்டு: இவருக்கு மட்டுமே உரிய ஒரு சொல், செய்யும் வேலையைச் சொல்லும் ஒரு சொல்.

வேலைச் சொல்லை முதலில் பார்ப்போம். நம்ம ஊரில் 'மொபைல்ஸ்' என்றால் ஃபோன் விற்கிற கடை என்றுதான் தோணும். திரை உடைஞ்சவர் 'மொபைல் சர்வீஸ்' என்றோ 'செல்போன் சர்வீஸ்' என்றோதான் பேச்சில் சொல்வார், அப்படியேதான் அடிப்பார். ஆக 'வேல் மொபைல்ஸ்' என்பது 'வேல் மொபைல் சர்வீஸ்' ஆனால் போதும். ஒரே ஒரு சொல் மாற்றம்தான். பெரிய ஃபோன் கம்பெனியின் பெயரை மட்டும் சேர்க்காதீங்க. அங்கீகாரம் இல்லாத கடை அந்தப் பெயரில் இருப்பது விதிக்கும் விரோதம், வருகிறவரையும் ஏமாற்றும்.

சரி, வெறும் 'மொபைல் சர்வீஸ் சென்டர்' என்றே வைக்கலாமே? வேண்டாம். ஒருமுறை வந்துட்டுப் போனவர் அடுத்த முறை அந்தப் பெயரைத் தேடினால் பத்துக் கடை வந்து நிற்கும். ரிவியூ எழுத நினைப்பவரும் வேறு கடையில் போய் எழுதிடுவார். அதனால்தான் அந்த உரிய சொல் முக்கியம். அது எழுத்துப்பிழை இல்லாமல் அடிக்கக்கூடியதா இருக்கணும். சோதிக்க ஒரு வழி: ஐந்து பேருக்கு ஃபோன் போட்டுப் பெயரைச் சொல்லி, ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. `Vel` என்றால் அநேகமா எல்லாரும் ஒரே மாதிரி அனுப்புவாங்க. 'ஸ்ரீ வெற்றிவேல்' என்றால் `Sri`, `Shri`, `Shree`, `Vetri`, `Vettri` என்று ஆளுக்கொன்று வரும்.

ஏரியா பெயரைச் சேர்க்கணுமா? முகவரியிலேயே அது இருக்கு. வாடகை ஏறி நாளைக்குக் கணபதிக்குக் கடை மாறினால் 'காந்திபுரம் வேல்' என்ற பெயர் சுமையாகிடும். டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் `Services` பகுதியில் எழுத வேண்டியவை. முதன்மை வகையில் `Mobile phone repair shop` என்று தேர்ந்தெடுங்க. பலர் விற்பனைக் கடை வகையைப் போட்டுட்டு, அந்தக் குறையைப் பெயரில் ஈடுகட்டப் பார்க்கிறாங்க.

வரிசை முக்கியம். முதலில் பலகை மாறணும். நம்ம மாநிலத்தில் கடைப் பலகையில் தமிழ் முதன்மையா இருக்கணும் என்று விதி இருக்கு, ஆகவே தமிழில் பெரிதாகவும் கீழே ஆங்கிலத்திலும் ஒரே பெயர். அப்புறம் பில் புக், ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸ்அப் பெயர். பலகையை ஃபோட்டோ எடுத்துப் போட்ட பிறகுதான் மேப்பில் திருத்தம். பெயர் மாறினால் கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். பல நேரம் அது வீடியோதான்: தெரு, பலகை, உள்ளே வேலை மேஜை எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமா காட்டணும். பலகையும் மேப்பும் ஒன்றா இருந்தால் இதில் பயமே இல்லை.

பலன் வந்ததா என்று கடைக்குள்ளே நின்று தேடிப் பார்க்காதீங்க. அங்கே நின்றால் தூரமே இல்லை, கடை மேலேதான் வரும். பஸ் ஸ்டாண்டின் அந்தப் பக்கம் நிற்கும் நண்பனைத் தேடச் சொல்லுங்க. `Performance` பகுதியில் எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்குக் கடை தெரிந்தது, எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று வரும். கடைப் பெயரைத் தேடி வந்தவர்கள் ஏற்கெனவே கடையைத் தெரிந்தவர்கள். 'மொபைல் சர்வீஸ்' என்று தேடி வந்தவர்கள்தான் புதியவர்கள். அந்த எண்ணிக்கை கூடுதா என்று பாருங்க. அந்த மாதம் பெயரைத் தவிர வேறெதையும் மாத்தாதீங்க, இல்லைன்னா எதனால் கூடியது என்றே தெரியாது.

ஒன்று மட்டும் அண்ணனிடம் முன்பே சொல்லிடுங்க. சிங்காநல்லூரில் நிற்பவர் பொதுவா 'மொபைல் சர்வீஸ்' என்று தேடினால் அவருக்கு அங்கிருக்கும் கடைகள்தான் முதலில் வரும். எந்தப் பெயராலும் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. காந்திபுரத்துக்குள்ளே, நாலு தெரு தள்ளி, உடைஞ்ச ஃபோனோடு நிற்கிறவரின் கண்ணில் படுவதற்குத்தான் இத்தனையும்.

அடுத்த முறை யாராவது "மேப்ல போட்டுக் கொடு தம்பி" என்றால், ஃபோனைக் கையில் வாங்கும் முன் வெளியே வந்து பலகையைப் படிங்க.