பயம் காட்டிய நோட்டீசும் நேரம் சொன்ன நோட்டீசும்



மாரி தொடங்கிவிட்டது. எமது கல்முனைப் பக்கம் மழையோடு நுளம்பும், அதோடு நுளம்புக் கிரீம் விளம்பரமும் வந்துவிடும். போன கிழமை என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது பாமசி வைத்திருக்கிறார். கையில் அடிக்கக் கொடுக்கப்போகும் நோட்டீஸ் ஒன்று. "சேர், எழுத்துப் பிழை இருக்கா எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்க."

எழுத்துப் பிழை இரண்டுதான் இருந்தது. ஆனால் கறுப்புப் பின்னணியில் பெரிய நுளம்பு, சேலைன் ஏறும் ஒரு பிள்ளை, மேலே சிவப்பில் "அடுத்தது உங்கள் பிள்ளையா?". கீழே "100 வீதப் பாதுகாப்பு. இன்றே வாங்குங்கள்".

இந்த இரண்டு வசனங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே பிழைதான். மேல் வசனம் உம்மாவை நடுங்க வைக்கிறது, கீழ் வசனம் அவவைத் தூங்க வைக்கிறது. இடையில் அவ செய்ய வேண்டியது என்ன என்று எங்கும் இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. போன வருஷம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல். உம்மா ஒவ்வொரு இரவும் தவறாமல் கிரீம் பூசியவர். "நாள் தவறாமப் பூசினன் சேர், அதால டெங்கா இருக்காது எண்டு நினைச்சிட்டன்" என்றார். நான்காம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தேறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மூன்று நாளும் வீணானதற்கு "100 வீதம்" என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு. எந்தக் கிரீமும் 100 வீதம் காக்காது. பூச மறந்த கணுக்கால் ஒன்று போதும்.

இன்னொன்று, அவர் பூசியது இரவில். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. சூரியன் உதித்த பிறகு வரும் ஓரிரு மணித்தியாலமும், மறைவதற்கு முந்திய சில மணித்தியாலமும்தான் அதற்கு உச்ச நேரம். எங்கள் கணக்கில் சொன்னால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரமும், அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாவில் வரிசையாகக் கால் மடித்து இருக்கும் நேரமும். இரவில் கடிக்கும் நுளம்பு வேறு, அதற்கு வலை போதும். இரவு பூசிய கிரீம் மாலை நான்கு மணிக்கு எதையும் தடுக்காது.

பாமசிக்காரத் தம்பியிடம் சொன்னேன், "நோட்டீஸைக் கொண்டுபோய் நாலு உம்மாமாரிடம் காட்டு. படிச்ச பிறகு மூண்டு கேள்வி கேள். எப்ப பூசுவீங்க? எங்க பூசுவீங்க? எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்?" அடுத்த நாள் வந்து சிரித்தார். எல்லோரும் "பயமா இருக்கு" என்றார்களாம். எப்போது பூசுவீர்கள் என்றதற்கு எல்லோரும் ஒரே பதில், "படுக்கக்குள்ள".

டெங்கு ஆபத்து என்று எங்கள் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2017 இல் இந்த நாட்டில் 186,000 இற்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. பயம் ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கிறது. இல்லாதது தகவல்.

இரண்டு பேரும் இருந்து புதிதாக எழுதினோம். அவர் விற்கும் கிரீமில் டீட் என்ற மருந்து 10 வீதம் இருக்கிறது. அந்த அளவு சுமார் இரண்டு மணித்தியாலம் நிற்கும். 30 வீதம் என்றால் சுமார் ஐந்து மணித்தியாலம். வீதம் கூடினால் கூடிய நேரம் நிற்கும் என்பதுதான் கருத்து, கூடிய பலம் என்பதல்ல. ஆகவே எழுத்தும் அந்த இரண்டு மணித்தியாலத்தைச் சுற்றியே வந்தது:

"டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். பிள்ளை அஸருக்கு ஓதப் போகுமுன் பூசுங்கள். சுமார் இரண்டு மணித்தியாலம் நிற்கும்.

உடுப்பு மூடாத இடத்தில் மட்டும், மெல்லிசாக. கணுக்காலை மறக்க வேண்டாம்.

பிள்ளையின் உள்ளங்கையில், கண், வாய்ப் பக்கம், காயத்தில் பூச வேண்டாம். முகத்துக்கு உங்கள் கையில் எடுத்துத் தடவுங்கள். வீடு வந்ததும் சோப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது வேண்டாம். வலை போடுங்கள்.

இது கடியைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. கிழமைக்கு ஒரு தடவை வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

காய்ச்சல் வந்தால், கிரீம் பூசியிருந்தாலும், டொக்டரிடம் காட்டுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்."

"கிழமைக்கு ஒரு தடவை" என்று நாள் குறித்ததற்குக் காரணம் இருக்கிறது. முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். கிழமைக்கு ஒரு தடவை கொட்டினால் அது பறக்குமுன் முடிந்துவிடும். "தேய்த்து" என்பதும் அலங்காரம் இல்லை. முட்டை ஒட்டியிருப்பது தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். சிரட்டை, யோகட் கப், பூச்சட்டித் தட்டு, இலை அடைத்த பீலி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காய்ச்சல் வரி ஏன் ஒரு கிரீம் நோட்டீஸில் என்று தம்பி கேட்டார். பாமசிக்கு வருகிறவர்கள் காய்ச்சல் மருந்துக்கும் அங்கேதானே வருகிறார்கள். ஐபுபுரோபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டலாம். காய்ச்சல் இறங்கியதும் சுகம் என்று நினைப்பதும் பிழை, டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும்.

கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் நியாயமானது. "சேர், இப்பிடிப் போட்டா விக்குமா?" நான் வியாபாரி இல்லை. ஆனால் பயத்தில் வாங்குகிறவர் ஒரு டியூப் வாங்குவார், நாலு நாள் பூசுவார், பயம் போனதும் அலுமாரியில் வைப்பார். அஸருக்கு முன் பூச வேண்டும் என்று விளங்கியவர் மாரி முடியும் வரை பூசுவார், முடிந்ததும் திரும்ப வாங்க வருவார். "முழுதாகத் தடுக்காது" என்று உண்மையைச் சொன்ன கடையை அவர் நம்புவார். பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது எங்கள் மார்க்கம் சொல்லித் தந்த வியாபாரமும் கூட.

புதிய நோட்டீஸை அதே உம்மாமாரிடம் காட்டச் சொன்னேன். இரண்டு பேர் "அஸருக்கு முன்னால" என்றார்களாம். ஒருவர் மட்டும் "எல்லாஞ் சரி, எழுத்துச் சின்னதாக் கிடக்கு" என்றாராம். எழுத்தைப் பெரிதாக்கினோம். நுளம்புப் படத்தை எடுத்துவிட்டோம், இடம் தேவைப்பட்டது.

ஊரில் கடை, பாமசி வைத்திருக்கும் சகோதரர்கள் இந்த வசனங்களை அப்படியே எடுத்துப் பாவிக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் விற்கும் கிரீமின் லேபிளைப் படித்து, அதில் உள்ள நேரத்தையும் வயதையும் போடுங்கள். சிட்ரோனெல்லா எண்ணெய் போன்றவை இவ்வளவு நேரம் நிற்காது, இரண்டு மணித்தியாலம் என்று எழுதிவிடாதீர்கள். என் பெயர் போடத் தேவையில்லை.