உம்மம்மாவின் ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களா?

“எழுத்து மங்குது மகள்” என்று எங்கள் உம்மம்மா சொன்னதும், மாமா யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடையொன்றில் +3.50 கண்ணாடி வாங்கி வந்தார். பவர் கூடினால் நன்றாகத் தெரியும் என்பது அவரது நினைப்பு. உம்மம்மாவோ புத்தகத்தை மூக்கருகே பிடித்து வாசித்தார். சிறிது நேரத்தில் தலையிடி என்றார்.

நாற்பது வயதுக்குப் பின் கண்ணுக்குள் உள்ள வில்லை இறுகி, கிட்ட உள்ளதைப் பார்க்க வளைந்து கொடுக்காமல் போவதே வெள்ளெழுத்து. கடைக் கண்ணாடி அந்தக் குறையை மட்டும் ஈடு செய்கிறது. +2.50 வில்லையில் எழுத்து ஏறக்குறைய 40 சென்ரிமீற்றரில் தெளியும், +3.50 என்றால் 29 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஆகவே வாங்கும்போது மூத்தவரையும் கூட்டிச் சென்று, அவர் வழமையாகப் பிடிக்கும் தூரத்தில் புத்தகத்தைக் கொடுங்கள். +1.00இலிருந்து படிப்படியாகக் கூட்டி, இலகுவாக வாசிக்க முடிகிற முதல் பவரிலேயே நில்லுங்கள். அறுபது தாண்டியவர்களுக்கும் பெரும்பாலும் +2.50 அளவே போதும்.

அடுத்து, அந்தக் கண்ணாடியுடனேயே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றி மூடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். கடைக் கண்ணாடியின் இரு வில்லைகளுக்கும் ஒரே பவர். இரு கண்களும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். உம்மம்மாவின் இடக்கண்ணை மூடியபோதுதான், வலக்கண்ணுக்கு +2.50இலும் எழுத்துத் தெரியவில்லை என்று அறிந்தோம். வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் அது கண்புரை என்றார்கள். எந்தக் கடைக் கண்ணாடியும் அதை நீக்காது.

கடைக் கண்ணாடியை நான் குறை சொல்லவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், கிட்டப் பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடி பெற்ற தொழிலாளர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். வெள்ளெழுத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் வெள்ளெழுத்து மட்டும்தான் குறை என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது.

ஒரு கண் மட்டும் மங்கினாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, பவரை அடிக்கடி கூட்ட வேண்டி வந்தாலோ கண் வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். திடீரென்று பார்வை போனால், ஒளிக்கீற்றுகள் மின்னினால், கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று. பல வருடம் கண்ணாடி போட்ட மூத்தவர் ஒருநாள் கண்ணாடி இல்லாமலே வாசிக்கத் தொடங்கினால் மகிழ்ந்து விடாதீர்கள். கண்புரை முற்றத் தொடங்கும்போதும் அப்படி நடப்பதுண்டு.

இன்றிரவு வீட்டில் மூத்தவரின் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.