சேர் வாயால் சொன்னது போதாது

இறம்பொடைப் பக்கத்து மலையில் கொழுந்து நிறுக்கும் நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அம்மாமார் தராசைப் பார்ப்பார்கள். அதோடு விடமாட்டார்கள், கணக்கப்பிள்ளை எழுதுகிற எண்ணையும் எட்டிப் பார்ப்பார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார் என்று அங்கேயே கேட்பார்கள். மாதக் கடைசியில் சம்பளத்தைத் தீர்மானிப்பது அந்தக் கொப்பியில் எழுதிய எண்தான் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டதற்காக யாரும் அவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை.

அதே அம்மாவின் பிள்ளை படிக்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. ஒப்படை ஒன்றைத் தொடங்கும் முன், எந்தக் கருவியைப் பாவிக்கலாம், எதைப் பாவிக்கக்கூடாது என்று விரிவுரையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள் என்றால், "ஐயோ, சேர் தப்பா நினைப்பாரு" என்கிறது. இன்னொரு பிள்ளை, "கேட்டா நாம ஏஐ பாவிக்கப் போறோம்னு நாமளே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்கிறது. கேட்பது அவமரியாதை, கேட்பவன் கள்ளன் என்ற இந்த இரண்டு எண்ணமும் பெற்றோரிடமும் இருக்கிறது, ஆசிரியர்களிடமும் இருக்கிறது. இரண்டும் பிழை. எங்கள் பிள்ளைகளை மற்ற எவரையும்விட அதிகமாக அடிக்கிற பிழை.

என்னிடம் உயர்தரம் படித்த ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். லயத்தில் வளர்ந்தவள், தமிழ் மொழிமூலம் படித்தவள், இப்போது ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு. வகுப்பில் விரிவுரையாளர் "ஏஐ பாவிக்க வேண்டாம்" என்று ஒரே வசனம் சொல்லியிருக்கிறார். இவள் கொப்பியில் தமிழில் ஒன்பது பக்கம் எழுதினாள். அதைப் பந்தி பந்தியாகத் தட்டச்சு செய்து கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் போட்டு ஆங்கிலமாக்கினாள். பிறகு கிராமர்லியில் போட்டு, அது காட்டிய திருத்தத்தையெல்லாம் ஏற்றுக்கொண்டாள். சாட்ஜிபிடியைத் தொடவே இல்லை. ஆகவே ஏஐ பாவிக்கவில்லை என்று மனதார நம்பினாள். ஏஐ எழுதியதா என்று பார்க்கிற மென்பொருள் அவளுடைய ஒப்படையில் பெரும்பகுதியைக் குறித்துக் காட்டியது. விசாரணையில் கேட்ட முதல் கேள்வி, "வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா?" சொன்னார்தான். ஆனால் அவர் மனதில் இருந்த ஏஐயும் இவள் மனதில் இருந்த ஏஐயும் வேறு வேறு. மறுபடி எழுதச் சொன்னார்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் 40 புள்ளிக்கு மேல் இல்லை என்றார்கள்.

அந்த ஒரு வசனம் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று பாருங்கள். மொழிபெயர்ப்பும் இன்று ஏஐதான். கிராமர்லியிலோ எழுத்துப்பிழை காட்டுவதும் வசனத்தையே மாற்றி எழுதித் தருவதும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் "கிராமர்லி பாவிக்கலாமா சேர்?" என்று கேட்டு "ஆமா" என்று பதில் வாங்கினாலும் போதாது. அவர் முதலாவதற்கு ஆமா சொல்லியிருப்பார், பிள்ளை இரண்டாவதை அழுத்தியிருக்கும். கேட்க வேண்டியது கருவியின் பெயரை மட்டுமல்ல, அதைக் கொண்டு செய்யப்போகிற வேலையை.

"நான் நேர்மையாகச் செய்தால் எனக்கென்ன பயம்?" என்று கேட்பவர்கள் இதையும் அறிய வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை எடுத்து ஏழு கண்டறியும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. இருந்தும் சராசரியாக 61 வீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொற்களையே, எதிர்பார்க்கக்கூடிய வரிசையிலேயே போடுவார். அந்தச் சீரைத்தான் மென்பொருள் இயந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. கொழும்பில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளையைவிட எங்கள் பிள்ளை அதிகம் சிக்குவது இதனால்தான்.

இந்தியாவில் ஒரு வழக்கு நடந்தது. ஹரியானாவிலுள்ள ஜிண்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுகலை மாணவர் ஒருவர், 2024இல் எழுதிய பரீட்சை விடையில் 88 வீதம் ஏஐ உருவாக்கியது என்று கூறப்பட்டு, அந்தப் பாடத்தில் சித்தியடையாதவராக்கப்பட்டார். அவர் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏஐ பாவிக்கக்கூடாது என்று எழுதப்பட்ட விதி எதையும் பல்கலைக்கழகம் காட்டவில்லை என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. பிறகு அவர் சித்தியடைந்துவிட்டதாகப் பல்கலைக்கழகமே தெரிவித்தது. வழக்கு அதோடு முடிந்தது. விதி எழுத்தில் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லும் நிலையே வரவில்லை. அவர் சட்டம் படித்தவர், நீதிமன்றம் ஏறத் தெரிந்தவர். இறம்பொடையிலிருந்து பஸ் பிடித்து வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. அதற்கு இருப்பது தொடங்கும் முன் அனுப்புகிற ஒரு செய்திதான்.

அந்தச் செய்தியை எப்படி எழுதுவது என்று, என்னிடம் படித்த அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். "விதியை எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் வேலைப்பளுவில் இருக்கிற விரிவுரையாளர் எழுதமாட்டார். ஆகவே நாம் செய்யப்போவதை நாமே எழுதி, ஆமா இல்லை என்று மட்டும் சொல்லக் கேட்க வேண்டும். இப்படி வந்தது:

"வணக்கம் சேர். இரண்டாவது ஒப்படையை முதலில் தமிழில் எழுதி, கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு நானே திருத்த நினைத்திருக்கிறேன். கிராமர்லியில் எழுத்துப்பிழையும் இலக்கணப் பிழையும் மட்டும் பார்ப்பேன். வசனத்தை மாற்றி எழுதும் வசதியைப் பாவிக்க மாட்டேன். இதில் எது கூடாது சேர்? பாவித்ததை ஒப்படையின் கடைசியில் குறிப்பிட வேண்டுமா?"

இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? கள்ளத்தனம் எங்கே இருக்கிறது? கள்ளம் செய்ய நினைப்பவன் தன் வேலையைப் படிப்படியாக எழுதி ஆசிரியருக்கு முன்கூட்டியே அனுப்புவானா?

மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. வட்ஸ்அப் என்றால், செய்திகள் தானாக மறையும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திகதியும் அனுப்பியவர் பெயரும் தெரிகிற மாதிரி திரையைப் படம்பிடித்து வைக்க வேண்டும். சேர் வகுப்பில் வாயால் பதில் சொல்லிவிட்டால், அன்றைக்கே "நீங்கள் இன்று சொன்னபடி மொழிபெயர்ப்பு பாவிக்கலாம் என்று விளங்கிக்கொண்டேன் சேர், பிழையென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி அனுப்பலாம். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுக்கக்கூடாது. இன்னொரு முறை கேட்க வேண்டும், அதுவரை அந்தக் கருவியைத் தொடாமல் எழுத வேண்டும். ஒரு பாடத்துக்குக் கிடைத்த அனுமதி இன்னொரு பாடத்துக்குச் செல்லாது. பீடத்தின் விதி வேறாக இருந்தால் விரிவுரையாளரின் சம்மதமும் காப்பாற்றாமல் போகலாம். ஆகவே கைநூலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இலக்கணம் மட்டும் என்று எழுதிவிட்டு முழுப் பந்தியையும் மாற்றினால், அந்தச் செய்தியே அவளுக்கு எதிராக நிற்கும். அது நியாயமும்கூட.

அவள் ஒரு நாள் முழுக்கத் தயங்கினாள். கையில் போனை வைத்துக்கொண்டு, "அனுப்பவா சேர்?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டாள். இரவு எட்டு மணிக்கு அனுப்பினாள். மறுநாள் காலை பதில் வந்தது, இரண்டே வரி: மொழிபெயர்ப்புப் பாவிக்கலாம், கடைசிப் பக்கத்தில் குறிப்பிடவும், தமிழில் எழுதிய பக்கங்களையும் இணைத்து அனுப்பவும்.

அந்தக் கொப்பியை இந்த முறை அவள் ஒரு பக்கம் விடாமல் படமெடுத்து இணைத்தாள். முதல் ஒப்படைக்கும் அதேபோல ஒன்பது பக்கம் இருந்தது. அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, காட்டலாம் என்று அவளுக்கும் தெரியவில்லை.